அழுததை ஒருவரும் எழுதவில்லை

குருநகர், யாழ்ப்பாணம்
09.03.2024

தம்பி சுபாஸ்,

உன் இலக்கத்தை நான் தடுத்து வைத்திருக்கிறேன். நீ வேறு இலக்கங்களிலிருந்து எடுப்பது தெரியும். இனி எடுக்காதே. உன் குரலைக் கேட்டால் திரும்பவும் நீ சொல்கிறபடி செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கடிதம் என்றால் வாசித்துவிட்டு மடித்து வைக்கலாம்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று நீ அறிய வேண்டும். நீ கொழும்பில் படப்பிடிப்பில் நின்றாய்.

உன் அத்தான் செத்து ஐந்தரை வருடம். இதற்கு முன் ஆறு தடவை அழைப்பாணை வந்து நான் மேல் நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். ஒருமுறை நீதிபதி லீவு. ஒருமுறை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகமில்லை. ஒருமுறை வேறொரு வழக்கு நீண்டுபோய் எங்கள் வழக்கை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் வெளி விறாந்தையில் போட்டிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சாட்சி சொல்கிறவர் உள்ளே போய் மற்றச் சாட்சிகள் சொல்வதைக் கேட்கக் கூடாதாம். வின்சன்ற் பிணையில் வெளியே இருப்பதால் அவனும் அதே விறாந்தையில்தான் நின்றான். என் கணவரைக் கொன்றவன் என்று நான் சொல்கிற மனிதனும் நானும் ஒரே தண்ணீர்க் குழாயில் தண்ணீர் குடித்தோம். நீ எழுதுகிற தொலைக்காட்சித் தொடரில் அப்படி ஒரு காட்சி வந்ததில்லை.

அன்று காலை, அரசுக்காக வழக்கை நடத்துகிற அரச சட்டவாதி என்னைக் கூப்பிட்டு, 2018இல் நான் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். இளம் பெண். "அக்கா, நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். நான் ஓம் என்றேன். ஆனால் முதல் நாள் பின்னேரம் நீ தொலைபேசியில் சொன்னதுதான் என் தலைக்குள் இருந்தது. "அக்கா, வின்சன்ற் ஓடினதைக் கண்டனான் எண்டு சொன்னால் வழக்கு நிக்காது. குத்தினதைக் கண்டனான் எண்டு சொல்லுங்கோ. அவனைக் கையாலை காட்டிச் சொல்லுங்கோ. சபையே அதிர வேணும்."

சபை அதிரவில்லை, தம்பி. வேதாகமத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். பிறகு சொல்லத் தொடங்கினேன். ஒரு வசனம் சொன்னதும் நீதிபதி கையைத் தூக்கினார். "கொஞ்சம் நிப்பாட்டிச் சொல்லுங்கோ, தட்டச்சு செய்ய வேணும்." அரைவாசியில் நிற்பேன். தட்டச்சுச் சத்தம் கேட்கும். பிறகு மீதி. "ஐஸ் களஞ்சியத்துக்குப் பின்னால் வின்சன்ற் கத்தியால் குத்தினார்" என்று நான் சொன்னதும் அப்படித்தான் துண்டு துண்டாகப் போனது. நான் அழுதேன். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கணினித் திரையைத் திருப்பி ஏதோ சரிபார்த்தார்கள். நான் அழுததை ஒருவரும் எழுதச் சொல்லவில்லை.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிவசுப்பிரமணியம், எழுபது வயதிருக்கும். அவர் என் கிட்ட வரவில்லை. மேசையடியை விட்டு அசையவே இல்லை. சத்தமும் போடவில்லை. நான் கொண்டுபோன தேத்தண்ணிப் பிளாஸ்க்கு எந்தக் கையில் இருந்தது, ஐஸ் களஞ்சியக் கதவு திறந்திருந்ததா, எத்தனை அடி தூரம் என்று ஒரு மணித்தியாலம் கேட்டார். பிறகு இதைக் கேட்டார்.

"கத்தியாலை குத்தினதைக் கண்டனீங்கள் எண்டு இண்டைக்குச் சொன்னீங்கள். பொலிசிலை சொன்னனீங்களோ?"

"ஓம். சொன்னனான்."

அவர் நீதிபதியிடம் பொலிஸ் பதிவைப் பார்க்கும்படி கேட்டார். நீதிபதி பக்கம் புரட்டினார். "அப்பிடி இல்லை" என்றார். அவ்வளவுதான். பிறகு "கையில் ஏதோ இருந்தது, என்னவென்று தெரியாது" என்று நான் அன்றைக்குச் சொன்ன வசனத்தை வாசித்து, முரண்பாடு என்று 'வி 1' என அடையாளமிட்டார்கள். என் வாய்க்கு ஒரு இலக்கம் போட்டுவிட்டார்கள்.

குறுக்கு விசாரணை முடியவில்லை. அடுத்த தவணை ஜூன் 18.

அக்கா ஸ்ரெல்லா


வெள்ளவத்தை, கொழும்பு
21.03.2024

அன்பு அக்கா,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். முதல் இரண்டு தரமும் கோபம் வந்தது. நான் உங்களுக்கு உதவி செய்யத்தான் சொன்னேன். அத்தானுக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான். மூன்று வருடமாக நீதிமன்றத் தொடர் எழுதுகிற எனக்கு, எப்படிச் சாட்சி சொன்னால் மனதில் நிற்கும் என்று தெரியும் என நினைத்தேன். யாருடைய மனதில் என்று யோசிக்கவில்லை.

நீங்கள் கண்டது என்ன என்று எனக்கும் தெரியும். நீங்கள் தேத்தண்ணி கொண்டு இறங்குதுறைக்குப் போனீர்கள். அத்தான் கத்திய சத்தம் கேட்டது. வின்சன்ற் ஐஸ் களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். கையில் ஏதோ இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தபோது அத்தான் விழுந்து கிடந்தார். காலையில் இருவரும் வலை வெட்டுப்பட்டது பற்றிச் சண்டை பிடித்ததை ஊரே அறியும். அவன்தான் செய்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இல்லாததை நான் சொல்லச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொல்லச் சொன்னேன். நீங்கள் ஒரு நிமிடம் முன்னால் போயிருந்தால் கண்டிருப்பீர்கள்.

இப்போது ஒன்று செய்யலாம். அடுத்த தவணையில், "நான் சொன்னதைப் பொலிஸ் எழுதாமல் விட்டிட்டுது" என்று சொல்லுங்கள். பதற்றத்தில் இருந்ததாகச் சொல்லுங்கள். எத்தனையோ பேர் அப்படிச் சொல்கிறார்கள்.

தடுப்பை எடுத்துவிடுங்கள், அக்கா. எழுத்தில் இதெல்லாம் கதைக்க முடியாது.

தம்பி சுபாஸ்


குருநகர்
02.04.2024

தம்பி,

'ஒரு நிமிடம் முன்னால் போயிருந்தால்' என்று நீ எழுதிய இடத்தில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்தரை வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற வசனம் அது. தேத்தண்ணிக்குச் சீனி முடிந்து பக்கத்து வீட்டில் வாங்கப் போனேன். அதனால்தான் பிந்தியது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பொலிஸ் எழுதாமல் விடவில்லை. அந்த சார்ஜன்ற் நான் சொன்னதை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார். நீ இப்போது அவரையும் பொய்யனாக்கச் சொல்கிறாய்.

அரச சட்டவாதியைக் கண்டு கேட்கலாம் என்று வியாழக்கிழமை போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கு. உங்களோடை நான் சாட்சியத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது, அக்கா. போயிட்டு வாங்கோ" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் சாட்சி சொன்ன அன்று காலை அவர் என்னை 'அக்கா' என்ற மாதிரி இந்த 'அக்கா' இல்லை.

இனி என்ன செய்வதென்று எனக்குச் சொல்லித் தர ஒருவருமில்லை. நீ எழுதித் தர வேண்டாம். எப்படி நடக்கும் என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டு, அதை மட்டும் எழுது.

ஸ்ரெல்லா


வெள்ளவத்தை
28.05.2024

அக்கா,

பிந்திவிட்டது. போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

எங்கள் தொடருக்குச் சட்ட ஆலோசனை சொல்ல ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருந்தோம் என்று சொன்னேனே, அனீஸா. சோனகத் தெருக் குடும்பம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பப்பட்டபோது கைக்குழந்தை, புத்தளத்தில் வளர்ந்தவர். என் வசனப் பிரதிகளைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பி அனுப்புவார். நான் அவற்றில் பாதியைக்கூடத் திருத்தியதில்லை. 'சுத்தியல் எங்கடை நீதிமன்றங்களிலை இல்லை' என்று எத்தனை தரம் எழுதினார். நாங்கள் சுத்தியலை வாங்கி வைத்திருந்தோம், அதனால் அடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் ஒரு சாட்சி என்று தொடங்கினேன். இரண்டாம் வசனத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"உங்கடை அக்காவோ?"

"ஓம்."

"ஆர் சொல்லிக் குடுத்தது?"

அவர் எழும்பி வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சுபாஸ், உங்கடை நாடகத்திலை சாட்சி வந்தால் வழக்கு முடிஞ்சுது. உண்மையிலை சாட்சி எண்டது ஒரு செங்கல்லு. ஓடினதைக் கண்டது ஒரு கல்லு. வைத்தியர் காயத்தைப் பற்றிச் சொல்லுறது ஒரு கல்லு. எதிரி, அதுதான் குற்றஞ்சாட்டப்பட்டவர், காட்டின இடத்திலை கத்தி எடுத்தது இன்னொண்டு. காலமை நடந்த சண்டை இன்னொண்டு. ஒருத்தரும் குத்தினதைக் காணாமலே எத்தினையோ வழக்கிலை தண்டனை குடுத்திருக்கினம். உங்கடை அக்கான்ரை கல்லு சின்னன், ஆனால் நல்ல கல்லு. நீங்கள் அதைப் பெருசாக்கப் போய் வெடிக்க வைச்சிட்டீங்கள்."

கடைசி நேரத்தில் வேறு சாட்சி யாராவது கிடைத்தால் என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. குற்றப்பத்திரத்திலேயே சாட்சிகளின் பெயர்ப் பட்டியல் இருக்குமாம். யாரைக் கூட்டுவதென்றாலும் மற்றத் தரப்புக்கு முதலே அறிவிக்க வேண்டுமாம். கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓடி வருவது என் கற்பனையில்தான். வின்சன்ற் கூண்டில் உடைந்து உண்மையைக் கக்குவான் என்றும் காத்திருக்க முடியாது. அவன் வாயே திறக்காமல் இருக்கலாம். கூண்டில் நின்றபடியே, சத்தியமில்லாமல், ஒரு கூற்றுச் சொல்லிவிட்டு இறங்கலாம். அதில் அவனை ஒருவரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. பொலிசில் அவன் ஒப்புக்கொண்டிருந்தாலும் அது சாட்சியமாகாது, கத்தி எடுபட்ட இடத்தைக் காட்டிய பகுதி மட்டும்தான் உள்ளே வரும். ஜூரி என்றும் யாரும் இல்லை. எதிரி கேட்டால்தான் ஏழு பேர் வருவார்கள். வின்சன்ற் கேட்கவில்லை. உங்கள் கண்ணீரைப் பார்த்து மனம் மாற அங்கே கூட்டமில்லை, ஒரு நீதிபதிதான்.

நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "நான் சொல்ல மாட்டன். சொல்லவும் கூடாது. உண்மையைச் சொல்லச் சொல்லுறதைத் தவிர ஒரு சாட்சிக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது" என்றார். உண்மையைச் சொன்னால், போன தவணை சொன்னது பொய் என்று ஆகும். பொய்ச்சாட்சி என்று நீதிபதி அந்த இடத்திலேயே நடவடிக்கை எடுக்கலாம். எடுக்காமலும் விடலாம். அதையும் உங்களுக்குச் சொல்லச் சொன்னார்.

என் மார்ச் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அதில் ஒரு வசனத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். எது என்று உங்களுக்குத் தெரியும்.

சுபாஸ்


குருநகர்
22.06.2024

தம்பி,

சொல்லிவிட்டேன்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். முன்னம் செய்த சத்தியத்தை நினைவூட்டினார்கள். சிவசுப்பிரமணியம் எழும்பினார். போன முறை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், நேற்றுத்தான் நிறுத்தியது போல.

"அம்மா, எதிரி குத்தினதை நீங்கள் காணேல்லை எண்டு நான் சொல்லுறன். சரியோ?"

சட்டத்தரணிமார் எல்லா வழக்கிலும் அப்படித்தான் கேட்பார்களாம், சாட்சி இல்லை என்பாராம், இவர் அடுத்த கேள்விக்குப் போவாராம். நான் "சரி" என்றேன். அவர் அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டிவிட்டு நின்றுபோனார்.

"குத்தினதைக் காணேல்லை, ஐயா. சத்தம் கேட்டது. அவர் ஓடினதைக் கண்டனான். கையிலை ஏதோ இருந்தது. பொலிசிலை சொன்னதுதான் உண்மை. போன தவணை சொன்னது பிழை."

தட்டச்சு செய்கிற பிள்ளை "பிழை என்று போடுவதா, பொய் என்று போடுவதா" என்பது போல நீதிபதியைப் பார்த்தாள். நீதிபதி என்னைப் பார்த்தார். "பொய்" என்று நானே சொன்னேன்.

ஒருவரும் மூச்சை இழுக்கவில்லை. பின் வாங்கில் வேறு வழக்குக்கு வந்திருந்த ஒருவர் நித்திரை.

சிவசுப்பிரமணியம் கேட்டார்: "போன தவணை அப்பிடிச் சொல்லச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

தம்பி, நான் அதை எதிர்பார்க்கவில்லை. அனீஸா அதை உனக்குச் சொல்லவில்லையா, நீ எனக்கு எழுதவில்லையா என்று தெரியாது. உன் பெயர் என் நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் பொலிஸ் உன்னிடம் வரும். உன் வேலை போகும். சின்ன வயதில் நீ ஏதாவது உடைத்தால் அம்மா என்னைத்தான் அடிப்பா.

"ஒருத்தரும் இல்லை. நானாத்தான்" என்றேன்.

அதையும் தட்டச்சு செய்தார்கள். ஒரு பொய்யை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அரச சட்டவாதி மறு விசாரணைக்கு எழும்பி இரண்டே கேள்வி கேட்டார். ஓடியவர் எதிரிதான் என்பதில் சந்தேகமுண்டா என்றார். இல்லை என்றேன். எத்தனை காலமாக அவரைத் தெரியும் என்றார். பிறந்ததிலிருந்து என்றேன். அவ்வளவு. நீதிபதி கொஞ்ச நேரம் பேனையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "நீங்கள் ஏற்கெனவே நிறையப் பட்டிட்டீங்கள். போகலாம்" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் இப்போது உண்மை சொல்கிறேன் என்று அந்த மனிதருக்கு விளங்கியது. அது ஒன்றுதான் எனக்கு இருக்கிற ஆறுதல்.

ஸ்ரெல்லா


வெள்ளவத்தை
16.02.2025

அக்கா,

எட்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு நான் சொல்லக்கூடிய காரணம் எதுவும் நல்ல காரணமில்லை. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நான் யாழ்ப்பாணம் வந்து, 'நான்தான் சொல்லிக் கொடுத்தேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். அனீஸாவிடம் கேட்டேன், வழி இருந்தது. பேருந்துக்கு இருக்கையும் பதிந்தேன். போகவில்லை. பயம். இதற்கு மேல் அழகாக எழுத என்னால் முடியும், அதனால் எழுதாமல் விடுகிறேன்.

தொடரில் ஒரு காட்சி வைத்தேன். ஒரு பெண் ஆறாம் தடவையாக நீதிமன்றத்துக்கு வருகிறாள். பகல் முழுக்க வாங்கில் இருக்கிறாள். வழக்கு தள்ளிப்போகிறது. வீட்டுக்குப் போகிறாள். தயாரிப்பாளர், "உதிலை என்ன நடக்குது?" என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். வெட்டிவிட்டார்கள். நான் இப்போது அங்கே இல்லை. இதைத் தியாகம் என்று நினைக்காதீர்கள், என்னை அவர்களாகத்தான் நிறுத்தினார்கள்.

இன்னொரு செய்தி. இதை வேறு யாரும் சொல்ல முதல் நான் சொல்ல வேண்டும். உங்கள் சாட்சியத்தைக் கேட்ட நீதிபதிக்கு ஜனவரியிலிருந்து இடமாற்றம். புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். இரு தரப்பும் சம்மதித்து, இதுவரை பதிவான சாட்சியத்தை அப்படியே ஏற்று மேலே நடத்தப்போகிறார்களாம். உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அடிக்கடி நடப்பதுதான் என்றார் அனீஸா. புதிய நீதிபதியிடம் இருப்பது தட்டச்சுத் தாள் மட்டும்.

சுபாஸ்


குருநகர்
03.11.2025

தம்பி,

தீர்ப்பன்று நீ பின் வாங்கில் இருந்ததைக் கண்டேன். முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன், நீ இல்லை. நான் கதைக்க மாட்டேன் என்று நினைத்தாயாக்கும். கதைத்திருப்பேன்.

நீயும் கேட்டாய். வின்சன்ற் கூண்டில் நின்று சொன்ன கூற்று மூன்று வசனம்: அவர் விழுந்து கிடந்ததைக் கண்டு பயத்தில் ஓடினேன், கையில் இருந்தது வலை ஊசி, நான் சுற்றவாளி, குற்றமொன்றும் செய்யவில்லை. நீதிபதி கடைசிப் பகுதியை மட்டும்தான் வாசித்தார், பத்து நிமிடம்கூட இல்லை. கத்தியில் இருந்தது மனித இரத்தம், யாருடையது என்று சொல்லப் போதவில்லை. கத்தி எடுத்த இரண்டு பொலிஸ்காரரும் சொன்ன இடம் ஒத்துவரவில்லை. பிறகு என் பகுதி. அரச சட்டவாதி பிறகு எனக்கு அந்தத் தாளைக் காட்டினார், நான் பார்த்து எழுதி வந்தேன்: 'இச்சாட்சி மூன்று சந்தர்ப்பங்களில் இரண்டு விதமாகக் கூறியுள்ளார். எது உண்மை என்பதை வேறு சான்றின்றிப் பிரித்தறிய இந்நீதிமன்றத்தால் முடியவில்லை. சந்தேகத்தின் பயன் எதிரிக்குரியது.'

வின்சன்றை விடுதலை செய்துவிட்டார். நான் அந்த நீதிபதியைக் குறை சொல்லவில்லை. அந்தத் தாளை வாசித்தால் எனக்கும் என்னை நம்ப வராது.

முதலிலேயே கண்டதை மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அரச சட்டவாதியிடம் கேட்டேன். "சொல்ல ஏலாது, அக்கா. அப்பவும் விட்டிருக்கலாம்" என்றார். சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்யலாம், பரிந்துரை எழுதி அனுப்புகிறேன் என்றார். நடக்கும் என்று அவர் முகத்தில் இல்லை. நாங்கள் கதைத்து முடிய முன்னமே அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீ அறியாத ஒன்றை எழுதத்தான் இந்தக் கடிதம். நேற்று மரித்தோர் திருநாள். கோவிலுக்குப் போனேன். வின்சன்ற் தாயோடும் பெண்சாதியோடும் எனக்கு மூன்று வாங்கு முன்னால் இருந்தான். ஏழு வருடமாக அவன் பின் வாசலடியில்தான் நிற்பான். இப்போது உள்ளே வரலாம்தானே. பூசையில் சமாதானம் சொல்கிற நேரம் எல்லோரும் கை கூப்பி ஒருவருக்கொருவர் திரும்பினார்கள். அவனும் திரும்பினான். இடையில் ஆட்கள் குனிந்திருந்ததால் நேரே என் முகத்தைப் பார்க்க வந்துவிட்டது.

நான் அவன் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், தம்பி. செய்தவன் என்றால் ஏதாவது தெரியும், செய்யாதவன் என்றாலும் ஏதாவது தெரியும் என்று. ஒன்றும் இல்லை. கொஞ்சம் நரைத்த, களைத்த, எங்கள் தெருவில் பிறந்த ஒரு ஆளின் முகம். அவன் கூப்பிய கையோடு நின்றான். தாய் அவன் முழங்கையைப் பிடித்து முன்னால் திருப்பினா.

நான் கை கூப்பவில்லை. எழும்பிப் போகவுமில்லை. பூசை முடியும் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு, கல்லறைக்குப் போய் உன் அத்தானுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். காற்று. இரண்டு தரம் நூர்ந்தது. மூன்றாந்தரம் என் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன், கை நோகும் மட்டும்.

அக்கா
ஸ்ரெல்லா